மாலை நான்கு மணிக்கே அணையும் காது மெஷின்

ரீசார்ஜ் செய்யும் காது மெஷினைக் காலை ஆறு மணிக்கு மாட்டினால், இரவு படுக்கும்வரை ஓட வேண்டும். ஒரு பெரியவருடைய வலது மெஷின் இரவு பத்து வரை ஓடுகிறது, இடது மட்டும் மாலை நான்கு மணிக்கே அணைந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 'பேட்டரி போயிடுச்சு' என்றுதான் வீட்டில் சொல்வார்கள். ஆனால் இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே அளவு உழைத்தவை. ஒன்று மட்டும் திடீரென ஆறு மணி நேரம் பின்தங்கினால், முதலில் பார்க்க வேண்டியது சார்ஜ் ஏறும் இடத்தை.

இதற்கு எளிய சோதனை உண்டு. சார்ஜரின் குழிகள் இடம் மாற்றி வைக்க இடம் கொடுத்தால், இரவில் இடது மெஷினை வலது குழியிலும் வலதை இடது குழியிலும் வையுங்கள். மறுநாள் வலது மெஷின் சீக்கிரம் அணைந்தால் கோளாறு குழியில். மறுபடியும் இடதே அணைந்தால் கோளாறு மெஷினில்.

எதுவானாலும், அடுத்த வேலை துடைப்பதுதான். மெஷினிலும் குழியிலும் சின்னச் சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கும். வியர்வை, தலை எண்ணெய், காதுக் குறும்பி எல்லாம் அவற்றின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து மின்சாரத்தைத் தடுக்கின்றன. விளக்கு எரியும், ஆனால் தொடர்பு விட்டுவிட்டுக் கிடைப்பதால் விடிவதற்குள் சார்ஜ் நிரம்பியிருக்காது. பிளக்கைக் கழற்றிவிட்டு, உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். போகாத அழுக்குக்குப் பஞ்சுக்குச்சியில் துளி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். நன்றாக உலர்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள். தண்ணீர், ஊசி, உப்புத்தாள் கூடவே கூடாது. புள்ளியின் பூச்சு சுரண்டப்பட்டால் அரிப்பு தொடங்கிவிடும். புள்ளிகளே இல்லாத, கம்பியில்லா முறையில் சார்ஜ் ஏறும் ரகங்களில், மெஷின் குழியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

செல் கிழடாவது வேறு மாதிரி. லித்தியம் அயன் செல் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் திறன் இழக்கும். பெரும்பாலும் இரண்டு மெஷினும் சேர்ந்தே தளரும். புதிதில் 20 மணி நேரம் ஓடியது, கொள்ளளவு 80 சதவீதமாகக் குறையும்போது 16 மணி நேரம்தான் ஓடும். காலை ஆறு முதல் இரவு பத்து வரை சரியாக 16 மணி நேரம். அதனால்தான் அதுவரை தெரியாத குறை அப்போது தலைகாட்டுகிறது. புளூடூத் வழியே டிவி கேட்பது, நீண்ட போன் பேச்சு இரண்டும் செல்லை இன்னும் வேகமாகக் காலி செய்யும். முதலில் இரண்டு நாள் அவற்றை நிறுத்திப் பாருங்கள்.

நம் ஊர் வெயிலும் கரண்ட் கட்டும் இதில் சேரும். அறை மிகவும் சூடானால் பல சார்ஜர்கள் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிடும். ஜன்னலோரம், ஃபிரிட்ஜ் மேல் வைக்காதீர்கள். சில மாடல்களில் சார்ஜருக்கு மின்சாரம் நின்றால், குழியில் இருக்கும் மெஷின் அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். நள்ளிரவில் கரண்ட் போய்வரும் வீட்டில் சார்ஜரை இன்வெர்ட்டர் இணைப்பில் போடுவது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் குறை தீராவிட்டால், மூன்று நான்கு நாள் இரண்டு மெஷினும் அணைந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு ஆடியாலஜிஸ்டிடம் போங்கள். பெரும்பாலான மாடல்களில் செல் உள்ளே மூடி ஒட்டப்பட்டிருக்கும். அதை மாற்றுவது சர்வீஸ் சென்டர் வேலை. வாரண்டி முடிவதற்குள் போய்விட்டால் செலவு மிச்சமாகலாம்.