"வேலைக்கெல்லாம் போகலை பிள்ள"

தென்காசிப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு முதுகலை மாணவி கணக்கெடுக்கப் போயிருப்பதாக வைத்துக்கொள்வோம். பெண்களின் உழைப்பும் வருமானமும் அவருடைய ஆய்வுத் தலைப்பு. திண்ணையில் ஒரு அம்மா முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருக்கிறார். மாணவி வினாத்தாளின் ஏழாவது கேள்வியைப் படிக்கிறார்: "கடந்த ஏழு நாட்களில் நீங்கள் வேலைக்குச் சென்றீர்களா?"

"வேலைக்கெல்லாம் போகலை பிள்ள. வீட்டுலதான் இருக்கேன்."

பதில் சொல்லும்போதும் கை நிற்கவில்லை. இலையை நறுக்கி, தூளை வைத்து, சுற்றி, நூலால் கட்டிக்கொண்டே இருக்கிறது. தாளில் "இல்லை" என்ற கட்டத்தில் டிக் விழுகிறது.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. வேலை என்றால் வாசல் தாண்டிப் போவது, வீட்டில் உட்கார்ந்து செய்வது "சும்மா இருக்குற நேரத்துல சுத்துறது". குற்றம் "சென்றீர்களா" என்ற வினைச்சொல்லில் இருக்கிறது. முந்நூறு வீடுகளில் இப்படியே கேட்டுவிட்டு வந்தால், பீடி சுற்றும் ஊரில் பெரும்பாலான பெண்கள் வேலையில்லாதவர்கள் என்று அட்டவணை சொல்லும். அதைப் பார்ப்பவர் யாருக்கும் சந்தேகம் வராது, ஏனென்றால் எந்தக் கட்டமும் காலியாக இருக்காது.

குழப்பமான கேள்வியின் ஆபத்தே இதுதான். அதற்கும் பதில் வந்துவிடும். கேட்பவர் மனம் நோகக்கூடாதென்று, புரியாத கேள்விக்கும் நம் மக்கள் ஏதாவது ஒன்றைச் சொல்லி அனுப்புவார்கள்.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 1992-இல் அமெரிக்காவின் ரோப்பர் நிறுவனம், யூத இனப்படுகொலை பற்றி ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. நாஜிகள் யூதர்களை அழித்தொழித்தது நடக்கவே இல்லை என்பது சாத்தியம் என்று தோன்றுகிறதா, சாத்தியமே இல்லை என்று தோன்றுகிறதா என்று கேட்டார்கள். "சாத்தியம்" என்றவர்கள் 22 சதவீதம். ஐந்தில் ஒரு அமெரிக்கர் வரலாற்றையே சந்தேகிக்கிறார் என்று பெரும் அதிர்ச்சி. ஆனால் கேள்வியை மறுபடி படித்துப் பாருங்கள். நடந்தது என்று நம்புகிறவர், நடக்கவில்லை என்பது சாத்தியமில்லை என்று இரண்டு எதிர்மறைகளைத் தாண்டிப் போய்ச் சொல்ல வேண்டும். 1994-இல், நடக்கவில்லை என்பது சாத்தியமா, அல்லது நிச்சயமாக நடந்தது என்று நினைக்கிறீர்களா என்று மாற்றிக் கேட்டபோது, சாத்தியம் என்றவர்கள் 1 சதவீதம்தான். பத்துப் பேரிடம் முதல் கேள்வியைக் கேட்டு, "எதை நினைச்சு அப்படிச் சொன்னீங்க?" என்று விசாரித்திருந்தால் குட்டு அன்றே வெளிப்பட்டிருக்கும்.

தமிழில் எதிர்மறைக் கேள்வி இன்னும் வம்பு. "பீடித் தொழிலாளர் அடையாள அட்டை உங்களிடம் இல்லையா?" என்று கேட்டால், அட்டை இல்லாத ஒருவர் "ஆமா" என்பார், இல்லாத இன்னொருவர் "இல்ல" என்பார். இரண்டுக்கும் ஒரே பொருள். தாளிலோ இரண்டும் வேறு வேறு கட்டங்கள்.

அதனால் முதன்மைக் கணக்கெடுப்புக்கு முன்னால் இரண்டு கட்டமாகச் சோதிப்பது வழக்கம். முதலில் ஏழெட்டுப் பேரிடம் நிதானமாக உட்கார்ந்து பேச வேண்டும். இங்கே நமக்கு வேண்டியது பதில் அல்ல, பதில் வந்த வழி. கேள்வியைக் கேட்டு, பதில் வாங்கி, பிறகு மெல்லத் துருவ வேண்டும்: "இந்தக் கேள்வியை உங்க வார்த்தையில ஒரு தடவை சொல்லுங்கக்கா." "வேலைன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வந்துச்சு?" நம் மாணவி திண்ணையில் இதைக் கேட்டிருந்தால், "கம்பெனி, ஆபீஸு, நூறு நாள் வேலை" என்று வந்திருக்கும். பீடி அந்தப் பட்டியலில் இருந்திருக்காது. "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்கவே கூடாது. எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள்.

விடுதித் தோழிகளிடம் சோதித்துவிட்டு வருவதும் பயனில்லை. வினாத்தாள் எழுதியவரைப் போலவே படித்தவர்கள் அவர்கள். யாரிடம் கேட்கப் போகிறோமோ அவர்களைப் போன்றவர்களிடம்தான் சோதிக்க வேண்டும்.

அடுத்தது முன்னோட்டம். திருத்திய தாளோடு இருபத்தைந்து முப்பது வீடுகளில், உண்மையான கணக்கெடுப்பு எப்படி நடக்குமோ அப்படியே நடத்திப் பார்ப்பது. இப்போது ஒருவர் கேட்க, இன்னொருவர் பக்கத்தில் இருந்து நடப்பதைக் குறித்துக்கொள்கிறார். எந்தக் கேள்வியில் "என்ன கேட்டீங்க?" என்று திருப்பிக் கேட்டார்கள், எங்கே கேள்வி முடியுமுன் பதில் வந்தது, எங்கே கேட்பவரே தாளில் இல்லாததைச் சேர்த்துச் சொன்னார் என்பதெல்லாம் குறிப்பில் ஏற வேண்டும். நூறு பேட்டிக்குப் பதினைந்துக்கு மேல் தடுமாற்றம் வரும் கேள்வியைத் திருத்தியாக வேண்டும் என்பது துறையில் பலர் வைத்திருக்கும் தோராய அளவு.

இதில் கேட்பவர் செய்யும் உதவிதான் என் கண்ணுக்குப் பெரிய திருடன். எதிரே இருப்பவர் முழிப்பதைப் பார்த்ததும், நல்ல மனசுள்ள மாணவி ஒருவர் "அதாங்கக்கா, பீடி சுத்துறீங்கல்ல, அதுவும் வேலைதான்" என்று எடுத்துக்கொடுப்பார். பக்கத்துத் தெருவில் இன்னொருவர் தாளில் உள்ளதை மட்டும் வாசிப்பார். முடிவில் முதல் தெருப் பெண்கள் உழைப்பாளிகளாகவும் இரண்டாம் தெருப் பெண்கள் சும்மா இருப்பவர்களாகவும் பதிவாவார்கள்.

சரி, ஏழாம் கேள்வியை எப்படித் திருத்துவது? முதலில் தோன்றுவது இப்படி: "கடந்த ஏழு நாட்களில் கூலிக்காகவோ, விற்பதற்காகவோ, குடும்பத் தொழிலுக்கு உதவியாகவோ, வீட்டில் இருந்தபடியோ வெளியே சென்றோ, ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா?" குறை சொல்ல முடியாத வாக்கியம், ஆனால் காதில் நிற்காது. "வேலை செய்தீர்களா" என்ற கடைசிச் சொற்கள்தான் போய்ச் சேரும், மறுபடியும் "இல்லை" வரும். அகலமாகத் திருத்தியது நீளத்தால் கெட்டுப்போகிறது.

உடைத்துக் கேட்டால் நடக்கிறது. "போன ஏழு நாள்ல பீடி சுத்தினீங்களா?" "ஆடு, மாடு பார்த்தீங்களா?" "யார் வயலுக்காவது போனீங்களா?" மாடு பார்த்ததாகச் சொன்னால் கூடவே "பால் விற்கிறீங்களா, வீட்டுக்கு மட்டுமா?" என்று ஒரு கிளைக் கேள்வி. ஒன்று ஐந்தாகிறது, நேரமும் கூடுகிறது. அதற்கு ஈடாக வேறெங்கோ இரண்டு கேள்விகளை வெட்டத்தான் வேண்டும்.

அமெரிக்க அரசின் மாதாந்திர வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பும் இதே பாடத்தைப் படித்தது. போன வாரம் பெரும்பாலும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதுதான் அதில் நெடுநாள் இருந்த தொடக்கக் கேள்வி. எதிரே இருப்பவரைப் பார்த்து, வேலை, வீட்டு நிர்வாகம், படிப்பு என்ற சொற்களில் பொருத்தமானதைக் கேட்பவரே போட்டுக்கொள்வார். 1994 ஜனவரியில் இதை எடுத்துவிட்டு, வீட்டில் யாருக்காவது தொழிலோ பண்ணையோ உண்டா என்று முதலில் விசாரித்து, பிறகு கூலிக்கோ லாபத்துக்கோ செய்த வேலையைக் கேட்கும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

முன்னோட்டத்துக்கு எல்லைகளும் உண்டு. பத்தில் ஒருவரைக் குழப்பும் கேள்வி எட்டுப் பேட்டிகளில் ஒருமுறையாவது இடறுவதற்கான வாய்ப்பு 57 சதவீதம்தான். இருபத்தைந்து பேட்டிகளில் அது 93 ஆகிறது. நூற்றில் ஒருவரை மட்டும் இடறும் கேள்வி பெரும்பாலும் தப்பித்துவிடும். முன்னோட்டத்தில் வந்த பதில்களை வைத்து "இத்தனை சதவீதப் பெண்கள்" என்று எழுதவும் கூடாது. அந்த வீடுகளை முதன்மைக் கணக்கில் சேர்க்கவும் கூடாது. அவர்களிடம் கேட்டது வேறு கேள்வி.

கேள்வியை மாற்றினால் பழைய கணக்கோடு ஒப்பிடும் வசதியும் போகிறது. எண் ஏறியது உழைப்பு கூடியதாலா, சொல் மாறியதாலா என்று பிரித்தறிய முடியாது. அதற்காகவே அமெரிக்கர்கள் மாற்றத்துக்கு முன் 1992 ஜூலை முதல் பதினெட்டு மாதங்கள், பழைய கணக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, புதிய வினாத்தாளை வேறு வீடுகளில் இணையாக நடத்திப் பார்த்தார்கள். முதுகலை மாணவிக்கு அந்த வசதி கிடையாது. பழைய ஏழாம் கேள்வி, அதற்கு வந்த பதில், புதிய சொற்கள், மாற்றிய தேதி, காரணம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி ஆய்வேட்டின் பின்னிணைப்பில் வைக்க முடியும். "வேலைக்கெல்லாம் போகலை பிள்ள" என்ற வரியையும் அதில் அப்படியே எழுதிவைக்கலாம்.