கைதுக் குறிப்பில் நேரத்தைப் பாருங்கள்!

இரவு 9 மணி. ''விசாரணைக்கு ஸ்டேஷன் வரை வாங்க'' என்று உங்கள் மகனை ஜீப்பில் ஏற்றிச் செல்கிறார்கள். மறுநாள் காலை ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். அதுதான் கைதுக் குறிப்பு. அதில் கைதான நேரம் 'காலை 7 மணி' என்று இருந்தால், 10 மணி நேரம் கணக்கில் வராமல் போய்விட்டது என்று அர்த்தம்.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். பயண நேரம் மட்டுமே அதில் சேராது. அதனால்தான் அந்தக் குறிப்பில் குடும்பத்தினர் ஒருவரோ, ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறது சட்டம். நேரம் தவறென்றால், சரியான நேரத்தை எழுதிக் கையெழுத்திடுங்கள். மாஜிஸ்திரேட்டிடமும் அதைச் சொல்லுங்கள்.

போலீஸ் சொல்லியாக வேண்டியவை மூன்று: கைதுக்கான காரணம், ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் அந்த உரிமை, உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தரச் சொல்லும் உரிமை. விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம். ஆனால் முழு நேரமும் அவர் உடனிருக்க முடியாது.

''ஏதோ கேஸ்'' என்பது காரணம் ஆகாது. கைதானவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே தர முடியாவிட்டால், வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்கு நிறுத்துவதற்கு 2 மணி நேரம் முன்பாவது தர வேண்டும். தராவிட்டால் கைது செல்லாது, விடுதலை கேட்கலாம். வழக்கு மட்டும் தொடரும்.