இரண்டு மேசை விளக்குகளும் ஒரு பந்தும்

1986 ஆகஸ்டில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்த கணினி வரைகலை மாநாட்டில் ‘லக்ஸோ ஜூனியர்’ என்ற குறும்படத்தைத் திரையிட்டார்கள். மொத்தம் இரண்டு நிமிடப் படம். முடிந்ததும் ஜிம் பிளின் என்ற வரைகலை விஞ்ஞானி, இயக்குநர் ஜான் லாசெட்டரைத் தேடி வந்தார். நிழல்களைக் கணினியில் எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்றுதான் கேட்கப்போகிறார் என நினைத்தார் லாசெட்டர். அவர் கேட்டதோ, “அந்தப் பெரிய விளக்கு அம்மாவா, அப்பாவா?”

படத்தில் வருவது இரண்டு மேசை விளக்குகளும் இரண்டு பந்துகளும் மட்டுமே. விளக்குகளுக்குக் கண் இல்லை, வாய் இல்லை, கையும் இல்லை. ஒரு வார்த்தை வசனமும் கிடையாது. ஆனாலும் பார்த்தவர்கள் ஒரு பெற்றோரையும் சுட்டிப் பிள்ளையையும் கண்டார்கள்.

அந்தப் பிள்ளை உருவான விதத்திலிருந்தே தொடங்கலாம். பெரிய விளக்கை அப்படியே சுருக்கியிருந்தால், அது சின்ன விளக்காக இருந்திருக்குமே தவிர, குழந்தையாக இருந்திருக்காது. குழந்தையின் உடலுக்குத் தனி அளவு உண்டு: தலை பெரிது, கை கால் குட்டை. அதனால் தண்டுகளையும் ஸ்பிரிங்குகளையும் குட்டையாக்கிய லாசெட்டர், பல்பை மட்டும் பெரிய விளக்கின் அளவிலேயே விட்டுவிட்டார். பல்பு கடையில் வாங்குவதுதானே, அது விளக்கோடு சேர்ந்தா வளரும்! இந்த நுணுக்கத்தை யாரும் கவனித்துச் சொல்லமாட்டார்கள். ஆனால் குட்டி விளக்கு திரைக்குள் குதித்து வந்ததுமே அதன் வயது புரிந்துவிடுகிறது.

அடுத்தது, பார்ப்பவரின் கண்ணை வழிநடத்துவது. வசனம் இருந்தால் ஓர் அசைவைத் தவறவிட்டாலும் காது கதையைப் பிடித்துக்கொள்ளும். இங்கே அந்த வசதி இல்லை. ஆகவே ஒரு நேரத்தில் ஒருவர்தான் முக்கியமான ஒன்றைச் செய்யவேண்டும். குட்டி விளக்கு துள்ளும்போது பெரியது ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. குட்டி, பந்தின் மேல் ஏறிக் குதிக்க, பந்து காற்றுப்போய் நசுங்குகிறது. அது அண்ணாந்து பார்த்தபடி அடங்கி நிற்கிறது. அப்போதுதான் பெரியது மெல்லத் தலையாட்டுகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் அசைந்திருந்தால் அந்தக் கண்டிப்பு பாதிப் பேருக்குத் தெரியாமலே போயிருக்கும்.

மூன்றாவதாக நேரம். என் கணிப்பில் இந்தக் கலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. டிஸ்னியின் மூத்த அனிமேட்டர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் ஓர் உதாரணம் தருகிறார்கள். வலது தோள் பக்கம் பார்க்கும் முகம் ஒன்று, இடது தோள் பக்கம் திரும்பியது ஒன்று என இரண்டே ஓவியங்கள். நடுவில் வேறு படமே இல்லாவிட்டால், அந்த ஆளை எதுவோ பயங்கரமாகத் தாக்கித் தலை பறந்துவிட்டதுபோல் இருக்கும். இடையில் மூன்று படங்கள் சேர்த்தால், பறந்துவரும் செங்கல்லிலிருந்து விலகுகிறார். ஒன்பது சேர்த்தால் எதையோ நிதானமாக யோசிக்கிறார். பத்து என்றால் கழுத்து வலிக்கு நெட்டி முறிக்கிறார். ஓவியங்கள் அவையேதான். எடுத்துக்கொண்ட நேரம் மாறியதும் மனநிலையும் மாறிவிடுகிறது.

குட்டி விளக்கின் குதிப்பிலும் இதுவே நடக்கிறது. பந்தைத் துரத்தும்போது வேகமாகக் குதிக்கிறது, தரையில் தங்குவதே இல்லை. பந்து நசுங்கியபின் அதே குதிப்பு தாழ்ந்து, மெதுவாகி, ஒவ்வொரு முறையும் தரையில் வெகுநேரம் தங்குகிறது. அழும் முகத்தைக் காட்டாமலே துக்கம் வந்துவிடுகிறது.

கணினி அனிமேஷனில் ஒரு சிக்கலும் உண்டு. கையால் வரைந்த பாத்திரத்தைச் சில நொடிகள் அசையாமல் நிறுத்தலாம். கணினியில் உருவான பாத்திரம் முழுவதும் நின்றுவிட்டால் அந்தக் கணமே பொம்மையாகிவிடும். அதனால் ‘நிற்கும்’போதும் தலையோ உடலோ கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும்.

இதற்கெல்லாம் எல்லை இருக்கிறது. ‘போன வருடம் உன் மாமா சொன்னார்’ என்பதை அசைவால் சொல்ல முடியாது. கண்முன் நடப்பதை மட்டுமே சொல்லலாம். எனவே கதையையே அதற்கேற்பத் தேர்ந்தெடுக்கவேண்டும்: ஓர் ஆசை, ஒரு தடை, ஒரு விளைவு. இந்தப் படத்தில் ஆசை பந்து. அது போனதும், அதைவிடப் பெரிய பந்தோடு குட்டி விளக்கு திரும்பி வருகிறது. அவ்வளவுதான் கதை.

நீங்கள் இப்படி ஒரு படம் எடுப்பதாக இருந்தால், இசையையும் நிறுத்திவிட்டு, கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். முடிந்ததும் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். “அப்புறம் என்னமோ ஆச்சு” என்று அவர் எந்த இடத்தில் சொல்கிறாரோ, அந்த இடத்தை மறுபடி அனிமேட் செய்யுங்கள்.