அறையே தொட்டில்

நள்ளிரவில் 'தொம்' என்று சத்தம், அதன் பின்னால் அழுகை. நடக்கப் பழகிய பிள்ளை கட்டிலிலிருந்து விழாத வீடு குறைவு. அதனால்தான் பலர் மெத்தையைத் தரையிலேயே போட்டுவிடுகிறார்கள். நாலு அங்குல மெத்தையிலிருந்து உருண்டால் பிள்ளை விழித்துக்கூடப் பார்க்காது. ஆனால் கம்பித் தொட்டிலில் இருந்த தடுப்பு இங்கே இல்லை. பிள்ளை எழுந்ததும் நடக்கத் தொடங்கிவிடும், நாம் தூங்கிக்கொண்டிருப்போம். இனி தொட்டில் என்பது மெத்தை அல்ல, நான்கு சுவர்களும் கதவும்தான்.

ஒரு வயது நிறையாத குழந்தைக்கு இந்த ஏற்பாடு வேண்டாம். மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் முகம் புதைந்தால் அதற்குத் தலையைத் திருப்பத் தெரியாமல் போகலாம். பெரிய பிள்ளைக்கும் மெத்தை அழுத்தமானதாக இருக்கட்டும். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் போட்டால் இடுக்கே இராது.

தரை மெத்தைக்கு ஈரம் எதிரி. உடம்புச் சூடும் வியர்வையும் கீழே இறங்கி, குளிர்ந்த தரையில் தங்கிவிடும். சில வாரங்களில் அடிப்பக்கம் கறுப்புப் புள்ளிகளாகப் பூசணம் பூக்கும், வாடை வரும். அடியில் கோரைப்பாய் விரித்து, தினமும் காலையில் மெத்தையைத் தூக்கிக் காற்றாட வையுங்கள். சுவரில் சாய்த்து வைப்பதானால், பிள்ளை இல்லாத அறையில் வையுங்கள். சரிந்தால் அதன் மேலேயே விழும்.

அடுத்து, முழங்காலிட்டு அறையைச் சுற்றி வாருங்கள். கைக்கு எட்டுவதையெல்லாம் இழுத்துப் பாருங்கள். பெரிய ஆபத்து பீரோவும் இழுப்பறை அலமாரியும்தான். இழுப்பறைகளை வரிசையாகத் திறந்து படி போல ஏறினால், பாரம் முன்னால் வந்து அலமாரி அப்படியே கவிழும். மேல்பக்கத்தை 'எல்' கிளாம்ப் வைத்துச் சுவரோடு திருகிவிடுங்கள். தச்சருக்கு அரை மணி நேர வேலை. டேபிள் ஃபேன், தொங்கும் திரைக்கயிறு, பிளக்கில் செருகிய கொசுவிரட்டி, துணி நடுவே போட்ட அந்துருண்டை எல்லாம் அறையை விட்டு வெளியேறட்டும்.

கடைசியாகக் கதவு. நம் வீட்டுக் கதவுகளில் கீழேயும் ஒரு தாழ்ப்பாள் இருக்கும். பிள்ளை உள்ளே நின்று அதைப் போட்டுக்கொண்டால் பூட்டு உடைக்க ஆள் தேட வேண்டும். அதைக் கழற்றிவிடுங்கள். இரவில் அறையை வெளியே பூட்டவும் கூடாது, தீ பிடித்தால் உள்ளே போகத் தாமதமாகும். வாசலில் பிள்ளை ஏற முடியாத தடுப்புக் கதவு போதும். ஒட்டிய குளியலறை இருந்தால் அதன் தாழ்ப்பாள் வெளிப்பக்கம், உயரத்தில் இருக்க வேண்டும். வாளியையும் காலி செய்து கவிழ்த்து வையுங்கள். தலைகீழாக விழும் பிள்ளைக்கு இரண்டு அங்குலத் தண்ணீரே போதும், சத்தம்கூட வராது.