மின்பலகையைப் பூட்டிவிட்டு வேலை செய்தல்

புதுச்சேரியில் விசைத்தறி வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்கும், கிணற்றில் மோட்டார் வைத்திருக்கும் விவசாய அங்கத்தினர்களுக்கும் பொதுவான பொருள் மின்பலகை. அதைப் பழுது பார்க்குமுன் மின்சாரத்தைத் துண்டிக்கும் முறையை இங்கு விளக்க முற்படுகிறோம். வேலையைச் செய்யவேண்டியவர் உரிமம் பெற்ற ஒயர்மேனே. எனினும் கூடத்தின் பொறுப்பாளரும் முறையை அறிந்திருத்தல் வேண்டும்.

415 வோல்ட் மின்சாரம் பெறும் ஒரு தறிக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பியூஸ் கட்டை கருகிவிட்டது. ஒயர்மேன் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் பலகையைத் திறக்கிறார். தறிகள் நின்றதைக் கண்ட வேறொருவர், நல்லெண்ணத்துடனேயே சுவிட்சைப் போட்டுவிடுகிறார். ஆபத்து இப்படித்தான் நேருகிறது. பியூஸைக் கழற்றி வைப்பதும் போதாது. மற்றொருவர் அதைத் திரும்பச் செருகலாம்.

ஆகவே கைப்பிடியை நிறுத்திய நிலையில் பூட்ட வேண்டும். சாவி ஒன்றே இருக்க வேண்டும். அது வேலை செய்பவரின் பையில் இருக்க வேண்டும், சுவரின் ஆணியில் அன்று. இருவர் வேலை செய்தால் இரண்டு பூட்டுகள். பூட்டில் தொங்கும் அட்டையில் பெயர், வேலை, தேதி, நேரம் ஆகியவற்றை எழுத வேண்டும். அட்டை மட்டும் இருந்தால் கையைத் தடுக்காது. பூட்டு மட்டும் இருந்தால் காரணத்தைச் சொல்லாது.

அடுத்து, மின்சாரம் வேறு வழியில் வருமா என்று பார்க்க வேண்டும். ஜெனரேட்டர் உள்ள கூடத்தில் மாற்றுச் சுவிட்சையும் நடுநிலையில் வைத்துப் பூட்டுக. கெப்பாசிட்டர் இருந்தால், மெயின் நின்ற பின்னும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும். நல்ல நிலையிலுள்ளது 3 நிமிடத்தில் 75 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கும். உள்ளிருக்கும் வடிகால் தடை பழுதானால் இறங்காது. எனவே 5 நிமிடம் காத்திருந்து, அதன் முனைகளையும் சோதிக்க வேண்டும்.

கடற்காற்றில் துருவேறிய பழைய சுவிட்சில், கைப்பிடி நின்ற நிலையைக் காட்டினாலும் உள்ளே ஒரு தகடு ஒட்டியபடியே இருக்கக்கூடும். ஆதலால் சோதனையை விடலாகாது. மின்சாரம் உள்ளதென்று தெரிந்த இடத்தில் சோதனைக் கருவியை முதலில் வைத்துப் பார்க்க. பின்னர் பலகையில் மூன்று பேஸ்களையும் ஒன்றோடொன்றும், நியூட்ரலோடும், எர்த்தோடும் சோதிக்க. கடைசியில் மீண்டும் மின்சாரமுள்ள இடத்தில் வைத்துப் பார்க்க. இடையில் கருவியே பழுதாகியிருந்தால், அது காட்டிய பூஜ்யம் பொய். நியான் விளக்குத் திருப்புளியை மட்டும் நம்புதல் தகாது. காய்ந்த பலகைமேல் நின்றால் அது மின்சாரமிருந்தும் ஒளிராமற் போகலாம்.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. மெயின் சுவிட்சின் வரவு முனைகளில் எப்போதும் மின்சாரம் இருக்கும். அங்கே வேலையிருந்தால் மின்துறையார் வந்து வெளியே துண்டித்த பிறகே தொடலாம்.

வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணி எடுத்து, பலகையை மூடி, தறி ஓட்டுவோருக்கு அறிவித்து, தறிச் சுவிட்சுகள் நின்றிருப்பதைப் பார்த்தபின், பூட்டியவரே தம் பூட்டைத் திறக்க வேண்டும்.