நாலு பேர் கேட்க ஒரு ரகசியம்
https முகவரியில் சாவி உண்டாகும் விதம்

பொருளின் அடக்க விலையை எழுத்துக் குறியில் எழுதி வைப்பது நம் கடைகளில் பழைய வழக்கம். பத்து எழுத்துள்ள ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு எழுத்துக்கு ஓர் எண் என்று வைத்துக்கொள்வோம். சீட்டு வாடிக்கையாளர் கண்ணெதிரே இருந்தாலும் விலை அவருக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சொல்லை முதலாளியும் கடையில் இருப்பவர்களும் முன்கூட்டியே தனியாகப் பேசி வைத்திருக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்ய https://www.gst.gov.in என்ற முகவரிக்குப் போகிறோம். நம் கணிப்பொறியில் உள்ள பிரவுசரும் எதிர்முனையில் உள்ள சர்வரும் அதற்கு முன் தனியாகச் சந்தித்துப் பேசியதில்லை. இடையில் உள்ள வை-ஃபை பெட்டியும் இணைய நிறுவனத்தின் கம்பியும் பிறர் கையில் இருக்கின்றன. இருவரின் முதல் பேச்சை இடையில் உள்ள எவரும் கேட்கலாம். அப்படியிருந்தும் ஒரு நொடிக்குள் இருவருக்கு மட்டுமே தெரிந்த சாவி உண்டாகிவிடுகிறது. இந்தத் தொடக்கப் பேச்சுக்கு டி.எல்.எஸ். கைகுலுக்கல் என்று பெயர். அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

சிறிய எண்களில் ஒரு கணக்கு

இதற்கான வழியை 1976-இல் அமெரிக்காவைச் சேர்ந்த விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இருவர் வெளியிட்டார்கள். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும், காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம்.

இருவரும் 5, 23 என்ற இரண்டு எண்களை எல்லோரும் அறியவே வைத்துக்கொள்கிறார்கள். பிரவுசர் தன் மனதுக்குள் 3 என்று நினைத்துக்கொள்கிறது. மூன்று ஐந்துகளைப் பெருக்கினால் 125. அதை 23-ஆல் வகுத்தால் மீதி 10. இந்த 10-ஐ மட்டும் வெளியே அனுப்புகிறது. சர்வர் 7 என்று நினைத்துக்கொள்கிறது. ஏழு ஐந்துகளைப் பெருக்கினால் 78,125. அதை 23-ஆல் வகுத்தால் மீதி 17. அது 17-ஐ வெளியே அனுப்புகிறது.

இனிப் பிரவுசர், வந்த 17-ஐ மூன்று முறை எடுத்துப் பெருக்குகிறது. 4,913 வரும், 23-ஆல் வகுத்தால் மீதி 14. சர்வர், வந்த 10-ஐ ஏழு முறை எடுத்துப் பெருக்குகிறது. ஒரு கோடி வரும். 23-ஆல் வகுத்தால் மீதி அதே 14. இருவரும் செய்தது 5-ஐ இருபத்தொரு முறை பெருக்கியதற்குச் சமம் என்பதால் விடை ஒன்றாகிறது.

ஒட்டுக் கேட்டவனிடம் 5, 23, 10, 17 என்ற நான்கு எண்களும் இருக்கின்றன. ஆனால் 14 கம்பியில் போகவே இல்லை. இவ்வளவு சிறிய எண்களில் 1, 2, 3 என்று வரிசையாகப் போட்டுப் பார்த்து அவன் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிடலாம். உண்மையில் இன்று பெரும்பாலும் நடப்பது இதே கருத்தில் அமைந்த வேறொரு கணக்கு. அதில் ரகசிய எண் சுமார் 77 இலக்கம் கொண்டது. அதை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து முடிக்க இன்றுள்ள எந்தக் கணிப்பொறியாலும் ஆகாது.

பேசுவது யாரோடு?

இந்தக் கணக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதில் ஓர் ஓட்டை உண்டு. இடையில் ஒருவன் புகுந்து, நம்மிடம் ‘நான்தான் சர்வர்’ என்றும், சர்வரிடம் ‘நான்தான் பிரவுசர்’ என்றும் சொல்லி, இருபக்கமும் தனித்தனியாக இதே கணக்கைப் போடலாம். இரண்டு சாவிகளும் அவன் கையில் இருக்கும். இரண்டு வியாபாரிகளுக்கும் தெரியாமல் நடுவில் நிற்கும் போலித் தரகன் போல, எல்லாவற்றையும் படித்துவிட்டு மறுபக்கம் அனுப்பிக்கொண்டிருப்பான்.

இதைத் தடுப்பதற்குத்தான் சான்றிதழ். சர்வரிடம் நிரந்தரமாக இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று எவரும் பார்க்கக்கூடிய பொதுச் சாவி. மற்றது வெளியே காட்டாத தனிச் சாவி. தனிச் சாவியால் போட்ட கையொப்பத்தைப் பொதுச் சாவியால் சரிபார்க்கலாம். ஆனால் பொதுச் சாவியைக் கொண்டு கையொப்பம் போட முடியாது. ‘இந்த முகவரிக்கு உரிய பொதுச் சாவி இது’ என்று ஒரு சான்றளிக்கும் நிறுவனம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பதே சான்றிதழ்.

சர்வர், அதுவரை இருவரும் பேசிய பேச்சு முழுவதற்கும், 10, 17 என்ற அந்த எண்களையும் சேர்த்து, தன் தனிச் சாவியால் கையொப்பமிட்டு அனுப்புகிறது. இடையில் நிற்பவன் சான்றிதழை நகல் எடுக்கலாம். ஆனால் தனிச் சாவி இல்லாததால் தான் மாற்றிய எண்களுக்குக் கையொப்பம் போட அவனால் முடியாது.

பேச்சின் வரிசை

2018-இல் வெளியான டி.எல்.எஸ். 1.3 பதிப்பில் எல்லாம் ஒரே போக்குவரத்தில் முடிகிறது. பிரவுசர் தனக்குத் தெரிந்த பூட்டு முறைகளின் பட்டியலையும் தன் எண்ணையும் அனுப்புகிறது. சர்வர் அவற்றில் ஒரு முறையைத் தேர்ந்தெடுத்து, தன் எண்ணையும் சான்றிதழையும் கையொப்பத்தையும் அனுப்புகிறது. பிரவுசர் இவற்றைச் சரிபார்க்கிறது. பிறகு, பொதுவாகக் கிடைத்த எண்ணிலிருந்து இருவரும் போகும் செய்திக்கு ஒன்று, வரும் செய்திக்கு ஒன்று எனத் தனித்தனிச் சாவி செய்துகொள்கிறார்கள். நம் கடவுச்சொல் அந்தச் சாவியால் பூட்டப்பட்டுத்தான் போகிறது.

இந்தச் சாவிகள் அன்றைய பேச்சோடு முடிந்தன. பழைய பதிப்புகளில் பிரவுசரே ஒரு ரகசியத்தைச் சர்வரின் பொதுச் சாவியால் பூட்டி அனுப்பும் முறையும் இருந்தது. அதில், என்றாவது ஒருநாள் தனிச் சாவி திருட்டுப் போனால், முன்பு பதிவு செய்து வைத்த பேச்சையெல்லாம் திறந்துவிடலாம். அதனால் 1.3 பதிப்பில் அந்த முறையை அடியோடு எடுத்துவிட்டார்கள்.

எச்சரிக்கை வந்தால்

சரிபார்ப்பில் ஏதாவது தவறினால் பிரவுசர் நிறுத்திவிடும். குரோமில் காரணமும் திரையிலேயே வரும். NET::ERR_CERT_DATE_INVALID என்று வந்தால் தேதிக் கோளாறு. கடைக் கணிப்பொறியின் உள்ளே உள்ள சிறு பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போயிருந்தாலும் இது வரும். முதலில் தேதியைச் சரிசெய்து பாருங்கள். NET::ERR_CERT_COMMON_NAME_INVALID என்றால் சான்றிதழில் உள்ள பெயர் வேறு. NET::ERR_CERT_AUTHORITY_INVALID என்றால் சான்று கொடுத்தவரைப் பிரவுசர் நம்பவில்லை. பின்னவை இரண்டும் வங்கியிலோ வரித் தளத்திலோ வந்தால் ‘பரவாயில்லை’ என்று மேலே போகாதீர்கள். வேறு இணைப்பில் முயன்று பாருங்கள்.

சான்று கொடுப்பவரிடமே தவறு நேர்வதும் உண்டு. 2014 ஜூலையில், இந்திய அரசின் தேசியத் தகவல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து கூகுளின் முகவரிகளுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளிவந்திருப்பது தெரியவந்தது. உடனே அந்தப் பிரிவின் சான்றுகள் ரத்து செய்யப்பட்டன. ஜாமீன் கொடுப்பவர் எவ்வளவு உறுதியானவரோ, அவ்வளவுதான் ஜாமீனின் மதிப்பு.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சான்றிதழ் முகவரிக்குத்தான் ஜாமீன்; முகவரிக்காரரின் நாணயத்துக்கு அல்ல. www.gst.gov.in.example.com என்ற முகவரி example.com-ஐச் சேர்ந்தது, அரசுடையது அல்ல. இதுபோன்ற முகவரி வைத்திருக்கும் மோசடிக்காரனும் முறையான சான்றிதழ் வாங்கலாம்; இலவசமாகவே கிடைக்கிறது. அங்கும் https தெரியும், பேச்சும் பத்திரமாகவே போகும். ஆனால் போய்ச் சேருவது திருடனிடம். பூட்டுப் படம் நாணயத்துக்கு அடையாளம் என்று பலர் தவறாக எண்ணியதால் குரோம் 2023-இல் அந்தப் படத்தையே மாற்றிவிட்டது. ஆகவே கடவுச்சொல்லை அடிக்கும் முன், https://-ஐ அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் முடியும் பெயரை வலமிருந்து இடமாக ஒருமுறை படித்துப் பாருங்கள்.