பிறந்ததே குற்றமா?

'ஜெய் பீம்' படம் பார்த்திருப்பீங்க. அதுக்கு அடிப்படையான சம்பவம் நடந்தது எங்கேயோ இல்லை. நம்ம கருவேப்பிலங்குறிச்சி இருக்கிற இதே விருத்தாசலம் வட்டாரத்தில்தான். 1993-இல் முதனை கிராமத்து ராஜாக்கண்ணுவைத் திருட்டு வழக்கில் கம்மாபுரம் போலீஸ் பிடித்துப் போனது. அவர் காவலிலேயே இறந்தார். படத்தில் இருளர் என்று காட்டினாலும், உண்மையில் அவர் குறவர். திருட்டு என்றதும் போலீஸ் ஏன் முதலில் குறவர் வீட்டுக்குப் போகுது? இதைப் புரிஞ்சுக்க 'இனமயமாக்கல்' என்ற சொல் உதவும்.

ஒரு கூட்டத்தின் தொழிலையோ வாழ்க்கை முறையையோ எடுத்து, "இது இவங்க ரத்தத்திலேயே இருக்கு" என்று முடிவு கட்டி, அதன்படியே அவர்களை நடத்துவதுதான் இனமயமாக்கல். இதுக்கு உடலில் எந்த ஆதாரமும் தேவைப்படாது. சட்டமும் பதிவேடும் போதும்.

குறவர்களில் ஒரு பிரிவினர் உப்பு வியாபாரிகள். கடற்கரையில் உப்பு வாங்கி, கழுதை மேல் ஏற்றி, உள்ளூர்களில் தானியத்துக்கு மாற்றினார்கள். உப்பு வியாபாரத்தை ஆங்கிலேய அரசு தன் கையில் எடுத்தது. பிறகு ரயிலும் வந்தது. பிழைப்பு போனது, ஆனால் ஊர் ஊராகப் போகும் வழக்கம் மிச்சமிருந்தது. அரசின் கண்ணுக்கு அதுவே சந்தேகமாகத் தெரிந்தது.

1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. தச்சன் மகன் தச்சன் ஆவதுபோல், திருடன் மகனும் திருடன்தான் என்பதே அதன் பின்னிருந்த வாதம். 1911-இல் சட்டம் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அறிவிக்கப்பட்ட சாதியினர் பெயர் பதிந்து, கைரேகை வைத்து, குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும். கைரேகை ஒரு தனி ஆளை அடையாளம் காட்டும் கருவி. இங்கே அதை வைத்தே மனிதரைக் கூட்டத்தோடு கட்டிப்போட்டார்கள். நம்ம பழைய தென்னாற்காடு மாவட்டத்திலும் அஜீஸ் நகரில் இவர்களுக்கான குடியிருப்பு இருந்தது.

இதில் இருக்கும் வட்டத்தைக் கவனிங்க. அனுமதிச் சீட்டு இல்லாமல் பக்கத்து ஊர் சந்தைக்குப் போனாலே குற்றம். அதற்குத் தண்டனை கிடைக்கும்; தண்டனை பதிவேட்டில் ஏறும். பிறகு அதே பதிவேட்டைக் காட்டி, "பாருங்க, இவங்க குற்றவாளிகள்தான்" என்பார்கள். சட்டம் எதைச் சொன்னதோ, அதற்கான ஆதாரத்தை அதே சட்டம் தயாரித்துக் கொடுத்தது.

சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுவதும் 1952-லும் சட்டம் ரத்தானது. ரத்தத்தில் இருந்த குணம் என்றால் ஒரு கையெழுத்தில் எப்படிப் போகும்? சட்டம் போயிருச்சு. ஆனால் 1993-இலும் சந்தேகம் அதே வீட்டு வாசலைத்தான் தேடி வந்தது.

அடுத்த முறை "அந்த ஆளுங்களே அப்படித்தான்" என்று யாராவது சொன்னால், ஒரு கேள்வி கேளுங்க: அந்த ஆள் என்ன செய்தார் என்று சொல்றீங்களா, எங்கே பிறந்தார் என்று சொல்றீங்களா?